மோல்மேன் அக்காவின் லேப்டாப்: முதல் லினக்ஸுக்கு எல்டிஎஸ்ஸா, ரோலிங்கா?

2025 ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை காலை. பர்மாவின் மோல்மேனிலிருந்து பெரியம்மா மகள் அக்கா போன் செய்தார். "தம்பி, நேத்து ராத்திரி வைஃபை போச்சு. காலையில பென்டிரைவ் போட்டா தெரியல. இப்ப தமிழும் அடிக்க வரல. நாளைக்குக் கோயில் பள்ளிக்கூடத்துல கேள்வித்தாள் கொடுக்கணும். பெட்டி செத்துப்போச்சா?"

பெட்டி சாகவில்லை. அடுத்தடுத்து மூன்று விஷயங்கள் போனதற்கும் தெளிவான காரணங்கள் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோதுதான், முதன்முதலாக லினக்ஸ் போடுகிறவர்களுக்கு, நிற்காமல் புதுப்பித்துக்கொண்டே போகும் ரோலிங் வகையைச் சொல்ல வேண்டுமா, ஒரே பதிப்பை ஆண்டுக்கணக்கில் பராமரிக்கும் எல்டிஎஸ் வகையைச் சொல்ல வேண்டுமா என்பதில் எனக்கே ஒரு தெளிவு வந்தது. ரங்கூனில் பதினைந்து வருடமாகக் கணினி பழுது பார்க்கிறேன். அதுவரை "எது பிடிக்கிறதோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தவன் நான். இப்போது அப்படிச் சொல்வதில்லை.

பெட்டியும் ஆளும்

அக்காவின் லேப்டாப் ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ5. 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. பழையது வாங்கியது, பேட்டரி முழுக்கப் போய்விட்டது. சார்ஜரைப் பிடுங்கினால் உடனே அணைந்துவிடும். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிகிறது என்று அறிவித்திருந்தார்கள். விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள இன்டெல் பெட்டிகளை ஏற்காது. வேறு பெட்டி வாங்குகிற நிலைமை வீட்டில் இல்லை. அதனால் 2025 பிப்ரவரியில் அக்கா மகன் அதில் லினக்ஸைப் போட்டுக்கொடுத்தான்.

அவன் போட்டது ரோலிங் வகையான ஆர்ச் லினக்ஸ். `archinstall` என்ற நிறுவியை வைத்து, கேடிஇ பிளாஸ்மா டெஸ்க்டாப்போடு ஒரே மாலையில் முடித்துவிட்டான். வேலையைச் சுத்தமாகத்தான் செய்திருந்தான். ஏன் ஆர்ச் என்று கேட்டதற்கு, "எப்பவும் புதுசா இருக்கும் மாமா. ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை பெரிய அப்கிரேடு, அது இதுன்னு தொல்லையே இல்ல" என்றான். ஏப்ரலில் வேலைக்காக பாங்காக் போய்விட்டான்.

அக்கா அந்தப் பெட்டியில் செய்வது மூன்று வேலைகள். அத்தான் கடையில் உளுந்து, பயறு, துவரை மூட்டைகளின் வரவு செலவை லிப்ரெஆபீஸ் தாளில் ஏற்றுவார். கோயில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தமிழில் கேள்வித்தாள் அடிப்பார். மகனோடு பிரவுசரில் முகம் பார்த்துப் பேசுவார். வாரத்தில் மூன்று நாள் பெட்டியைத் திறந்தால் அதிகம். மழைக்காலத்தில் கடையில் ஈரம் வந்துவிடும் என்று பெட்டியைப் பாலிதீனில் சுற்றி மேலே வைத்துவிடுவார்.

இந்தக் கடைசி விஷயம்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. ஆனால் பிப்ரவரியில் அதை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்றும் எப்படிப் போயின

அந்தப் பெட்டி கடைசியாக அப்டேட் ஆனது மே நடுவில். அதற்கப்புறம் மழை, பள்ளி திறப்பு, கரண்டு இல்லாத நாட்கள் என்று பத்து வாரத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஜூலைக் கடைசியில் அக்காவுக்கு ஒரு பழைய கேள்வித்தாளை ஸ்கேன் செய்ய வேண்டியிருந்தது. அதற்கு ஒரு சின்ன நிரல் போதும். மகன் போனில் சொன்னபடி `sudo pacman -S simple-scan` என்று அடித்தார். 404 என்று பிழை வந்தது.

ரோலிங் வகையின் முதல் குணம் இங்கேதான் தெரிகிறது. மே மாதத்தில் பெட்டி எழுதி வைத்திருந்த பட்டியலில் ஒரு பொதியின், அதாவது நிரல் மூட்டையின், பெயரும் பதிப்பு எண்ணும் இருக்கும். அந்தப் பதிப்பு இப்போது சர்வரில் இல்லை, புதியது வந்து பழையதை எடுத்துவிட்டார்கள். சரி, பட்டியலை மட்டும் புதுப்பித்து அந்த ஒன்றை மட்டும் போட்டுக்கொள்ளலாமே என்றால், ஆர்ச்சில் அது கூடாது. புதிய நிரல் புதிய நூலகங்களை எதிர்பார்த்துக் கட்டப்பட்டிருக்கும். பழைய நூலகங்கள் உள்ள பெட்டியில் அதைச் செருகினால் அதுவும் ஓடாமல் போகலாம், வேறு எதையாவது சேர்த்து இழுத்துக்கொண்டும் போகலாம். பகுதி அப்டேட்டுக்கு ஆதரவு இல்லை என்று ஆர்ச்சே எழுதி வைத்திருக்கிறது. ஆக, ஒரு சின்ன ஸ்கேன் நிரலுக்காக மொத்தப் பெட்டியையும் நகர்த்த வேண்டும். அக்காவுக்கு அது 2 ஜிபிக்கு மேல் வந்தது. போன் டேட்டாவில் இரண்டு சாயங்காலம் இறக்கினார்.

சனிக்கிழமை எல்லாம் இறங்கி முடிந்தபின் திரையில் வந்தது இது:

```
error: failed to commit transaction (conflicting files)
linux-firmware-nvidia: /usr/lib/firmware/nvidia/ad103 exists in filesystem
Errors occurred, no packages were upgraded.
```

இடையில் இதே மாதிரி இன்னும் சில வரிகள். கடைசி வரிதான் முக்கியம்: எதுவும் மாறவில்லை, பெட்டி பத்திரமாக இருக்கிறது. ஆனால் அக்கா கண்ணில் பட்டது என்னவோ `error` என்ற சொல்தான்.

நடந்தது என்னவென்றால், 2025 ஜூன் 21-ஆம் தேதி ஆர்ச்சின் செய்திப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு வந்திருந்தது. வைஃபை, கிராபிக்ஸ் போன்ற சில்லுகளுக்கு உள்ளே ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்புகள் அதுவரை `linux-firmware` என்ற ஒரே பொதியில் இருந்தன. அதைத் தயாரிப்பாளர் வாரியாகப் பிரித்துவிட்டார்கள். பழைய பெட்டியை மேலேற்றும்போது கோப்புகள் மோதும், அதனால் கையால் இரண்டு கட்டளை கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்:

```
pacman -Rdd linux-firmware
pacman -Syu linux-firmware
```

மகன் பாங்காக்கிலிருந்து அதைத் தேடிப் பிடித்து, சரியாகவே சொன்னான். அக்கா முதல் வரியை `sudo` சேர்த்து அடித்தார், முடிந்தது. இரண்டாவது வரியை அடிக்கும்போது கரண்டு போய்விட்டது. பேட்டரி இல்லாத பெட்டி அதோடு அணைந்தது.

முதல் வரி ஃபர்ம்வேரை எடுத்துவிட்டது. இரண்டாவது வரிதான் புதியதைப் போட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் பெட்டி அணைந்ததால், கரண்டு வந்து திறந்தபோது வைஃபை சில்லுக்கு ஏற்ற வேண்டிய கோப்பு வட்டில் இல்லை. அந்த முந்தைய தொடக்கத்தின் பதிவைப் பார்க்க, அக்காவை `sudo journalctl -k -b -1 | grep iwlwifi` அடித்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். நினைத்த வரி இருந்தது:

```
Direct firmware load for iwlwifi-8265-36.ucode failed with error -2
```

அந்த -2 என்பதற்கு 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்று பொருள். சில்லு கெட்டுப்போனால் இந்த வரி வராது. வைஃபை திடீரென்று காணாமல் போனால் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன்னால் `sudo dmesg | grep iwlwifi` அடித்து இந்த வரி இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

அக்கா கெட்டிக்காரர். நான் சொல்வதற்கு முன்பே ஞாயிறு காலை போனை யூஎஸ்பி கம்பியில் மாட்டி, அதன் இணையத்தில் இரண்டாவது வரியை ஓட்டிவிட்டார். முதல் நாள் இறக்கியவை வட்டிலேயே இருந்ததால் புதிதாக இறங்கியது கொஞ்சம்தான். எல்லாம் ஏறிவிட்டது. அப்புறம், எதற்கும் கணக்கைப் பிரதி எடுத்து வைப்போம் என்று பென்டிரைவைச் செருகினார். அது தெரியவில்லை.

இது ரோலிங்கின் இரண்டாவது குணம். ஆர்ச்சில், வன்பொருளை இயக்கும் உட்கருவான கர்னல் புதிதாக ஏறும்போது பழைய கர்னலின் தொகுதிக் கோப்புகள் அழிந்துவிடும். ஆனால் பெட்டி இன்னும் பழைய கர்னலில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. பென்டிரைவைச் செருகினால் அதற்கான தொகுதியைத் தேடிப் போகும், அந்த அடைவே இருக்காது. பெட்டியை மறுபடி தொடக்கினால் தீர்ந்துவிடும். `uname -r` காட்டும் எண்ணும், `ls /usr/lib/modules` காட்டும் எண்ணும் வேறுவேறாக இருந்தால் இதுதான் காரணம் என்று தெரிந்துகொள்ளலாம். இது தெரிந்தவருக்கு ஒரு நிமிட வேலை. தெரியாதவர் கணக்கைக் காப்பாற்றத் துடிக்கிற அந்த நேரத்தில் பென்டிரைவ் தெரியாமல் போனால் நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்யும்.

மறுபடி தொடக்கினார். பென்டிரைவ் வந்தது, வைஃபை வந்தது. தமிழ் போனது.

அந்தப் பெட்டியில் மகன், திரையைக் காட்டும் பழைய முறையான எக்ஸ்11 அமர்வைத் தேர்ந்தெடுத்து, அதில் தமிழ் அடிக்க உதவும் ஐபஸ் வழியாகத் தமிழ்99 விசைப்பலகையை வைத்திருந்தான். கடவுச்சொல் கேட்காமல் நேராக உள்ளே போகும்படியும் அமைத்திருந்தான். 2025 ஜூன் 20-ஆம் தேதி, அதாவது ஃபர்ம்வேர் அறிவிப்புக்கு முதல் நாள், ஆர்ச்சில் இன்னோர் அறிவிப்பு வந்திருந்தது: பிளாஸ்மா 6.4-லிருந்து புதிய முறையான வேலண்ட் அமர்வு மட்டும்தான் தானாக வரும், எக்ஸ்11 வேண்டுமென்றால் `plasma-x11-session` என்ற பொதியைத் தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். அக்காவின் பெட்டி தான் வழக்கமாகப் போகும் எக்ஸ்11 அமர்வைத் தேடியது, கிடைக்கவில்லை. அதனால் நுழைவுத் திரையில் வந்து நின்றது. அக்கா கடவுச்சொல்லைப் போட்டு, இருந்த ஒரே அமர்வான வேலண்டுக்குள் போனார். கேடிஇ-யின் வேலண்டில் ஐபஸ் தானாக ஒட்டிக்கொள்ளாது, செட்டிங்ஸில் மெய்நிகர் விசைப்பலகை என்கிற இடத்தில் அதைக் குறித்துக் கொடுக்க வேண்டும். அக்காவுக்கு அது எப்படித் தெரியும்?

இங்கே ஸ்கேன் நிரலுக்கு நடந்த 404 நடக்காது, ஏனென்றால் பட்டியல் இப்போது புதியது. `sudo pacman -S plasma-x11-session` அடிக்கச் சொன்னேன். வெளியே வந்து, நுழைவுத் திரையின் மூலையில் எக்ஸ்11-ஐத் தேர்ந்து உள்ளே போனார். 'அம்மா' என்று அடித்துப் பார்த்தார். வந்தது. கேள்வித்தாள் திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தது.

யார் மேல் தவறு

ஆர்ச் மேல் தவறில்லை. இரண்டு மாற்றத்தையும் முன்பே எழுதி வைத்திருந்தார்கள். அப்டேட்டுக்கு முன் செய்திப் பக்கத்தைப் படியுங்கள் என்று எப்போதுமே சொல்லி வருகிறார்கள். ஜூன் மாதமே அப்டேட் செய்தவர்கள் அறிவிப்பைப் படித்துவிட்டு நிதானமாகச் சமாளித்துப் போயிருப்பார்கள். அக்காவுக்கு இரண்டும் ஒரே நாளில், பிரதி எடுக்காத கணக்கோடு, கரண்டு இல்லாத சாயங்காலத்தில் வந்து சேர்ந்தன.

புதியவர்களிடம் ரோலிங்கை 'புதுசு' என்றும் எல்டிஎஸ்ஸைப் 'பழசு' என்றும் சொல்லித்தான் பழகியிருக்கிறோம். அதில் பாதிதான் உண்மை. பெரிய மாற்றம் எந்த நாளில் வரும் என்று யார் முடிவு செய்கிறார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ரோலிங்கில் அந்த நாளை டிஸ்ட்ரோ முடிவு செய்கிறது. நீங்கள் தள்ளிப்போடலாம், ஆனால் தள்ளிப்போட்டால் அடுத்து வந்ததும் அதோடு சேர்ந்துகொள்ளும். எல்டிஎஸ்ஸில் அந்த நாளை நீங்கள் முடிவு செய்கிறீர்கள். உபுண்டு 24.04, 2024 ஏப்ரலில் வந்தது. அதன் வழக்கமான ஆதரவு ஐந்து ஆண்டு, 2029 வரை. அதன் மேல் கட்டிய லினக்ஸ் மின்ட் 22-க்கும் அதே கணக்கு. அந்த ஐந்து ஆண்டில் எந்தப் பள்ளி விடுமுறையில் வேண்டுமானாலும் அடுத்ததற்கு மாறிக்கொள்ளலாம்.

அக்கா மகன் இதற்கு ஒரு மறுப்பு சொன்னான். பலரும் சொல்வதுதான்: "பழைய வெர்ஷன்னா ஓட்டை இருக்கும் மாமா." அப்படி இல்லை. எல்டிஎஸ்ஸில் பதிப்பு எண்ணை நகர்த்தாமல், பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பில் தைக்கிறார்கள். உபுண்டு 24.04-இல் ஓபன்எஸ்எஸ்எல் `3.0.13` என்றே நிற்கும். பொதியின் முழு எண்ணைப் பார்த்தால் `3.0.13-0ubuntu3` என்பதற்குப் பின்னால் ஒரு புள்ளியும் எண்ணும் இருக்கும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் கூடுவது அந்தக் கடைசி எண்தான். முன்னால் உள்ளதை மட்டும் பார்த்துவிட்டுப் பழசு என்று சொல்வது, அடிப்புறம் மாற்றித் தைத்த செருப்பை மேல்தோலைப் பார்த்துப் பழசு என்று சொல்வது மாதிரி. பிரவுசர் இந்தக் கணக்கில் வராது. மின்டில் பயர்பாக்ஸ் புதிது வரவரப் புதிதாகவே வரும்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உபுண்டுவின் ஐந்து ஆண்டு உறுதி அதன் முக்கியக் களஞ்சியத்துக்குத்தான். `universe` என்ற பெரிய களஞ்சியத்தில் உள்ளவற்றுக்கு அந்த அளவு கவனிப்பு கிடைக்காது. உபுண்டுவிலேயே இருப்பவர்கள் உபுண்டு ப்ரோவை ஐந்து பெட்டி வரை இலவசமாகச் சேர்த்து அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளலாம். மின்ட்காரர்களுக்கு அந்த வழி இல்லை. அக்கா பயன்படுத்துகிற நிரல்களை வைத்துப் பார்த்தால் இது பெரிய கவலை இல்லை என்றுதான் எனக்குப் பட்டது.

மாற்றிப் போட்டது

ஆகஸ்ட் கடைசியில் மோல்மேன் கோயில் விசேஷத்துக்குப் போனேன். ரங்கூனிலிருந்து சாலையில் சுமார் 300 கிலோமீட்டர். ஏதாவது ஆனால் ஓடிப்போய்ப் பார்க்கிற தூரமில்லை என்பதையும் கணக்கில் எடுத்தேன்.

ஆர்ச்சையே வைத்துக்கொண்டு ஒழுங்குபடுத்த முடியுமா என்றுதான் முதலில் யோசித்தேன். `linux-lts` என்ற இரண்டாவது கர்னலைச் சேர்த்து வைத்தால் ஒன்று ஏறாவிட்டால் இன்னொன்றில் ஏறலாம். ஓபன்சூசே டம்பிள்வீட் போட்டால் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் முன்னால் தானாக ஒரு நிலைப்பிரதி எடுத்துவைக்கும், கெட்டால் தொடக்கப் பட்டியலிலிருந்தே பின்னால் போகலாம். ரோலிங்கே வேண்டும் என்கிற புதியவருக்கு நான் சொல்வது டம்பிள்வீட்தான். ஆனால் இரண்டிலுமே அந்த ஸ்கேன் நிரல் பிரச்சினை அப்படியே இருக்கும்: பத்து வாரம் மூடி வைத்த பெட்டியில் சின்னதாக ஒன்றைச் சேர்க்க மொத்தத்தையும் நகர்த்த வேண்டும். அக்காவின் டேட்டாவுக்கும் கரண்டுக்கும் அது ஒத்துவராது.

எனவே மின்ட் 22.1. ரங்கூனிலேயே ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, `sha256sum -b linuxmint-22.1-cinnamon-64bit.iso` கொடுத்து, வந்த நீளமான எண்ணை மின்ட் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் பென்டிரைவில் எழுதினேன். நம் ஊர் இணையத்தில் 3 ஜிபி அளவுள்ள கோப்பு பாதியில் அறுந்து, முழுதாக இறங்கின மாதிரியே உட்கார்ந்திருக்கும். அதை வைத்து நிறுவினால் நடுவழியில் விளங்காத பிழைகள் வரும், குற்றத்தை லினக்ஸ் மேல் போடுவோம்.

நிறுவுவதற்கு முன் பென்டிரைவிலிருந்தே மின்டை ஓடவிட்டு ஒரு மணி நேரம் அக்காவையே உட்காரவைத்தேன். வைஃபை பிடிக்கிறதா, பாட்டு கேட்கிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா, கடைப் பிரிண்டரில் ஒரு பக்கம் வருகிறதா என்று அவரே பார்த்தார். `lspci -k` அடித்து வைஃபை அட்டைக்குக் கீழே `Kernel driver in use: iwlwifi` என்ற வரி இருக்கிறதா என்று மட்டும் நான் பார்த்தேன். இந்த வரி இல்லாவிட்டால் அந்தக் கர்னலுக்கு அந்தச் சில்லைத் தெரியாது என்று கொள்ளலாம். எல்டிஎஸ் போடலாமா வேண்டாமா என்பதற்கு இதைவிட நேரான சோதனை இல்லை.

கணக்கையும் கேள்வித்தாள்களையும் வெளிவட்டில் எடுத்தோம். மின்ட் ஏறியது. ஸ்கேன் நிரல் அதில் ஏற்கெனவே இருந்தது. ஐபஸும் தமிழ்99-உம் போட்டு, 'உளுந்து மூட்டை' என்று அடித்துப் பார்த்துவிட்டு அக்கா கேட்டார்: "இதுவும் ஒருநாள் சொல்லாம கொள்ளாம மாறிடுமா?" 2029 வரை நீங்கள் கேட்காமல் மாறாது என்று சொன்னேன்.

டைம்ஷிஃப்டை வாரம் ஒரு பிரதி, மொத்தம் இரண்டே பிரதி என்று வைத்தேன். இது வட்டிலேயே இடம் பிடிக்கும், 256 ஜிபியில் அதற்கு மேல் வைக்க வேண்டியதில்லை. அது கணினியமைப்பைத்தான் காப்பாற்றும், அக்காவின் கோப்புகளைத் தொடாது. அவற்றுக்கு வெளிவட்டுதான் என்று காகிதத்தில் எழுதி மூடியில் ஒட்டினேன்.

கரண்டு மறுபடி போனது

நவம்பரில் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்டு போனது. ஆகஸ்டில் நடந்த அதே கதைதான், இந்தமுறை மின்டில். திரும்பத் தொடக்கினார், பெட்டி ஏறியது. அப்டேட் மேனேஜர் பிழை காட்டியது. டெர்மினலில் `sudo apt upgrade` கொடுக்கச் சொன்னேன்:

```
E: dpkg was interrupted, you must manually run
'sudo dpkg --configure -a' to correct the problem.
```

என்ன செய்ய வேண்டும் என்பதைப் பிழையே சொல்கிறது. அக்கா அந்தக் கட்டளையைப் பார்த்து அடித்தார். பாதியில் நின்ற பொதிகளை அது ஒவ்வொன்றாக முடித்தது. பின்னாலேயே `sudo apt -f install` ஒருமுறை. நான் போனில் இருந்தது பத்து நிமிடம்.

கரண்டு போவதில் எல்டிஎஸ்ஸுக்கு மந்திரம் எதுவும் கிடையாது. எந்தப் பெட்டியானாலும் பொதி ஏறும்போது அணைந்தால் கெடலாம். ஆனால் இரண்டு விஷயம் இங்கே கைகொடுத்தது. ஒன்று, ஏறவேண்டியது குறைவு. அதனால் ஆபத்தான நேரமும் குறைவு. இரண்டாவது, மின்டும் உபுண்டுவும் புதிய கர்னலைப் பழையதன் மேல் எழுதாது, பக்கத்தில் வைக்கும். புதியது பாதியில் நின்றாலும் தொடக்கத்தில் வரும் கிரப் பட்டியலில் `Advanced options` என்பதற்குள் போய்ப் பழைய கர்னலில் ஏறலாம். ஆர்ச்சில் `linux` பொதி ஒன்றை மட்டும் வைத்திருந்து, அது எழுதும்போது பெட்டி அணைந்தால், லைவ் பென்டிரைவ் போட்டு, `arch-chroot` செய்து உள்ளே போய்த்தான் சரி பண்ண வேண்டும். அதை மோல்மேனிலிருக்கும் அக்காவுக்கு என்னால் போனில் சொல்லிக்கொடுக்க முடியாது.

எல்டிஎஸ் உதவாத இடம்

பொங்கல் விழாவுக்கு ஒரு படம் செய்ய அக்காவுக்கு கிம்ப் 3 வேண்டியிருந்தது. மகன் அதில் செய்த கோப்பை அனுப்பியிருந்தான். மின்டின் களஞ்சியத்தில் இருந்தது 2.10. கிம்ப் 3, 2025 மார்ச்சில்தான் வந்தது. எல்டிஎஸ்ஸின் குறை இதுதான். `flatpak install flathub org.gimp.GIMP` என்று தனியாகப் போட்டோம், அடித்தளத்தைத் தொடாமல் வந்துவிட்டது. ஆனால் முதல் ஃபிளாட்பேக் தன்னோடு ஒரு பெரிய இயக்கத் தொகுப்பையும் இழுத்துக்கொண்டு வரும், டேட்டா கணிசமாகப் போகும். ஒன்றிரண்டு நிரல் புதிதாக வேண்டும் என்றால் இது சரி. எல்லாமே புதிதாக வேண்டும் என்கிறவர் எல்டிஎஸ்ஸில் மல்லுக்கட்டாமல் ரோலிங்குக்கே போவது நல்லது.

புதுப் பெட்டி விஷயம் இதைவிடக் கறாரானது. மகன் பாங்காக்கில் லூனார் லேக் வகை இன்டெல் லேப்டாப் வாங்கினான். அம்மா பெட்டியைப் பார்த்து அவனும் மின்ட் 22.1 பென்டிரைவைப் போட்டுப் பார்த்தான். திரை ஒரே அளவில் நின்றது, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியவில்லை. அதில் இருந்த கர்னல் 6.8. அந்தச் சில்லின் கிராபிக்ஸ் தானாக வேலை செய்யத் தொடங்கியது 6.12 கர்னலில். பெட்டி கர்னலைவிட இளையது, அவ்வளவுதான். எல்டிஎஸ்ஸே வேண்டுமென்றால் 2025 ஆகஸ்டில் வந்த உபுண்டு 24.04.3-ஐப் பார், அதில் 6.14 கர்னல் இருக்கிறது என்று சொன்னேன். எல்டிஎஸ் என்றாலும் இப்படிக் கர்னலை மட்டும் அவ்வப்போது முன்னுக்குத் தள்ளுகிற ஏற்பாடு உண்டு, பலருக்கு இது தெரிவதில்லை.

அவன் ஆர்ச்தான் போட்டுக்கொண்டான். நான் தடுக்கவில்லை. தினமும் பெட்டியைத் திறக்கிறான், அங்கே கரண்டு போவதில்லை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் செய்திப் பக்கத்தைப் படித்துவிட்டு அப்டேட் செய்கிறான், கெட்டால் சரி பண்ணும் பொறுமையும் இருக்கிறது. அவனுக்கு அதுவே பொருத்தம்.

இப்போது கடைக்கு யாராவது முதல் லினக்ஸ் போட வந்தால், பெட்டியின் வயதைக் கேட்டவுடன், "இந்தப் பெட்டியை நீங்கள் திறக்காமலே எத்தனை நாள் விடுவீர்கள்?" என்று கேட்கிறேன். ஒரு மாதத்துக்கு மேல் என்று பதில் வந்தால் எல்டிஎஸ்ஸைத் தவிர வேறு பேச்சில்லை.

நவம்பர் பழுதுக்குப் பிறகு அக்கா அப்டேட் பக்கமே போகவில்லை. பொங்கல் முடிந்த வாரம், பத்து வாரம் கழித்து, அப்டேட் மேனேஜரைத் திறந்து அழுத்திவிட்டு உலையில் அரிசி போடப் போனார். திரும்பி வந்தபோது முடிந்திருந்தது. எந்தக் கேள்வியும் கேட்கவில்லை, தமிழ் அப்படியே இருந்தது. `Edit` பட்டியலில் அடுத்த புள்ளிப் பதிப்புக்கு மாறலாம் என்று ஒரு வரி காட்டுகிறதே, அழுத்தலாமா என்று போனில் கேட்டார். அவசரமில்லை அக்கா, உங்கள் இஷ்டம் என்றேன்.

"மார்ச்ல பிள்ளைங்களுக்கு லீவு விட்டதும் பாத்துக்கறேன் தம்பி" என்றார்.